பொதியில் உள்ள நாட்கணக்கும் முடிவுத் திகதியும்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களின் உணவில் பெரும்பகுதி இன்று பொதிகளில் அடைக்கப்பட்டே வருகின்றது. சொந்த வயலும் தோட்டமும் இருந்த காலத்தில் நெல் எப்போது அறுத்தது, பயறு எப்போது காய்ந்தது என்பதை நாமே அறிந்திருந்தோம். நிவாரணமாகக் கிடைக்கும் பால்மாவும் பிஸ்கற்றும், கடையில் வாங்கும் மாவும் அப்படி அல்ல. அவை எங்கே, எப்போது செய்யப்பட்டன என்பதைப் பொதியில் அச்சிட்டிருப்பதை வாசித்தே அறிய வேண்டியுள்ளது.

பல பொதிகளில் முடிவுத் திகதி நேரடியாகவே அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சில பொதிகளில், குறிப்பாக இந்தியாவிலிருந்து வரும் பொருட்கள் சிலவற்றில், உற்பத்தித் திகதி ஓரிடத்திலும், "உற்பத்தி செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பாவிப்பது சிறந்தது" என்ற வாசகம் இன்னோரிடத்திலும் இருக்கும். இரண்டையும் சேர்த்து முடிவு நாளைக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் பொறுப்பாகி விடுகின்றது. வீட்டில் தயாரித்த உணவைப் பொதி செய்து விற்கும் குடும்பங்களும் இதே கணக்கைச் செய்தே தமது பொதியில் திகதி இட வேண்டும். அந்தக் கணக்கைப் பிழையின்றிச் செய்யும் முறையை இங்கே விளக்குகின்றோம். ஒரு கலண்டரும் ஒரு பென்சிலும் போதும். கலண்டர் இல்லாவிட்டால் எமது கையே போதும்.

முதலில் திகதியை வாசித்தல்

பொதியில் 'எம்.எவ்.டி.' என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் அது உற்பத்தித் திகதி. 'பி.கே.டி.' என்றால் பொதி செய்த திகதி. 'ஈ.எக்ஸ்.பி.' என்றால் காலாவதித் திகதி. 'பெஸ்ற் பிபோர்' என்றிருந்தால், அதன் பின் வரும் திகதிக்கு முன் அல்லது அதன் பின் வரும் நாட்களுக்குள் பாவிப்பது சிறந்தது என்று பொருள். அச்சு பெரும்பாலும் பொதியின் மடிப்பிலோ, ரின்னின் அடியிலோ, மூடியிலோ இருக்கும். பொதியை வெட்டும் முன் அதைத் தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது. வெட்டி எறியும் துண்டோடு திகதியும் போய்விடுவதுண்டு.

எமது நாட்டில் 18.09.2023 என்று நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுவது வழக்கம். 2023.09.18 என்று ஆண்டை முதலில் எழுதுவதும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் பொருட்களில் மாதம் முதலில் வரும். ஆகவே 09/18/2023 என்பதும் அதே நாள்தான். முதல் இரண்டு எண்களில் ஒன்று 12ஐ விடப் பெரிதாக இருந்தால் அதுவே நாள் என்று உடனே தெரிந்துவிடும். 05/07/23 என்றிருந்தால் அது ஜூலை 5 ஆகவும் இருக்கலாம், மே 7 ஆகவும் இருக்கலாம். அதே கம்பனியின் வேறு பொதிகள் கையில் இருந்தால் அவற்றைப் பார்த்து எந்த முறை என்று அறியலாம். அதுவும் முடியாதபோது, இரண்டில் முந்திய நாளையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. இந்த உதாரணத்தில் அது மே 7 ஆகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் ஜனவரியைத் தை என்றும் பெப்ரவரியை மாசி என்றும் சொல்லிப் பழகியிருக்கின்றோம். ஆனால் தமிழ் மாதமாகிய தை, பொங்கலன்று, அதாவது ஜனவரி 14 அல்லது 15 ஆம் திகதியிலேயே பிறக்கின்றது. பொதியில் உள்ள கணக்கு ஆங்கில மாதக் கணக்கு. தமிழ்ப் பஞ்சாங்கத்தின் மாதத்தை வைத்து எண்ணினால் அரை மாதம் வரை பிழைத்துவிடும்.

180 நாட்கள் ஆறு மாதம் அல்ல

பலர் 180 நாட்கள் என்பதைப் பார்த்தவுடன் ஆறு மாதம் என்று எடுத்துக்கொள்கின்றனர். மாதத்துக்கு 30 நாள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் ஏழு மாதங்களுக்கு 31 நாட்கள் உண்டு. எந்த மாதத்தில் தொடங்கினாலும் ஆறு மாதங்கள் சேர்ந்தால் 181 முதல் 184 நாட்கள் வரை வரும். ஆகவே 180 நாட்களை ஆறு மாதமாக எடுத்தால், எப்போதும் ஒன்று முதல் நான்கு நாட்கள் வரை பிந்திய திகதியே கிடைக்கும்.

உலர்ந்த பிஸ்கற்றில் இரண்டு நாள் வித்தியாசம் பெரிய தீங்கு செய்யாது. ஆனால் விற்பனைக்குப் பொதி செய்பவர் திகதியை இரண்டு நாள் கூட்டி எழுதினால் அது பிழையான லேபல் ஆகிவிடும். எனவே நாள் என்று எழுதியிருந்தால் நாளாகவே எண்ண வேண்டும். மாதம் என்று எழுதியிருந்தால் மாதமாக எண்ண வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றக் கூடாது. "12 மாதங்கள்" என்றிருந்தால் அடுத்த ஆண்டின் அதே திகதி. "360 நாட்கள்" என்றிருந்தால் அதற்கு ஐந்து அல்லது ஆறு நாட்கள் முந்தியே முடிந்துவிடும்.

மாதங்களின் நாட்களைக் கையில் எண்ணுதல்

எந்த மாதத்துக்கு 31 நாள், எதற்கு 30 நாள் என்பதைக் கையை மூடிப் பிடித்துக் கண்டுகொள்ளலாம். கையைப் பொத்திப் பிடித்தால் பெருவிரல் தவிர்ந்த நான்கு விரல்களின் அடியிலும் நான்கு முட்டுகள் மேடாக எழும். அவற்றுக்கு இடையே மூன்று பள்ளங்கள் இருக்கும். சுட்டுவிரலின் மேட்டை ஜனவரி என்று தொடங்குங்கள். அடுத்த பள்ளம் பெப்ரவரி, அடுத்த மேடு மார்ச், அடுத்த பள்ளம் ஏப்ரல் என்று போனால் சின்னவிரலின் மேட்டில் ஜூலை வரும். பின்பு மீண்டும் சுட்டுவிரலின் மேட்டுக்கே வந்து ஆகஸ்ட் என்று தொடங்கி டிசம்பர் வரை எண்ணுங்கள். மேட்டில் விழும் மாதங்களுக்கு 31 நாட்கள். பள்ளத்தில் விழும் மாதங்களுக்கு 30 நாட்கள். பெப்ரவரி மாத்திரம் விதிவிலக்கு. அதற்கு 28 நாட்கள். நான்கால் மிச்சமின்றிப் பிரிபடும் ஆண்டுகளில், அதாவது 2024, 2028 போன்ற ஆண்டுகளில், 29 நாட்கள்.

கணக்கைச் செய்யும் முறை

கணக்கு கழித்தல் ஒன்றுதான். முதலில் உற்பத்தி செய்த மாதத்தில் எத்தனை நாள் மிச்சம் என்று பாருங்கள். அதை மொத்த நாட்களிலிருந்து கழியுங்கள். பின்பு அடுத்தடுத்த மாதங்களின் நாட்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போங்கள். கையில் உள்ள எண், அடுத்து வரும் மாதத்தின் நாட்களை விடக் கூடாமல் வரும்போது நிறுத்துங்கள். அந்த எண்ணே அந்த மாதத்தின் திகதி.

ஒரு பிஸ்கற் பெட்டியில் உற்பத்தித் திகதி 18.09.2023 என்றும், 180 நாட்கள் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

செப்டெம்பருக்கு 30 நாள். 30இல் 18 போக மிச்சம் 12. 180இல் 12 போக 168.
ஒக்டோபர் 31 போக 137.
நவம்பர் 30 போக 107.
டிசம்பர் 31 போக 76.
2024 ஜனவரி 31 போக 45.
பெப்ரவரி 29 போக 16.

அடுத்த மாதம் மார்ச். கையில் இருப்பது 16. ஆகவே முடிவு நாள் 2024 மார்ச் 16. ஆறு மாதம் என்று எண்ணியிருந்தால் மார்ச் 18 என்று வந்திருக்கும். 2024 நான்கால் பிரிபடும் ஆண்டு என்பதை மறந்து பெப்ரவரிக்கு 28 நாள் என்று கழித்திருந்தால் மார்ச் 17 என்று வந்திருக்கும்.

கணக்குச் சரியா என்று பார்க்க, கழித்த எண்களையும் கடைசி எண்ணையும் கூட்டிப் பாருங்கள். 12, 31, 30, 31, 31, 29, 16 ஆகியவற்றைக் கூட்டினால் 180 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு மாதத்தில் தவறியிருக்கின்றோம்.

உற்பத்தி செய்த நாளையும் ஒரு நாளாக எண்ண வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. மேலே காட்டிய முறையில் அந்த நாள் சேர்க்கப்படவில்லை. அதற்கு அடுத்த நாளே முதலாம் நாள். "இந்த நாளிலிருந்து இத்தனை நாட்கள்" என்பதைப் பொதுவாக இப்படியே கணக்கிடுகின்றனர். உற்பத்தி நாளையும் சேர்த்து எண்ணினால் முடிவு ஒரு நாள் முந்தி, மார்ச் 15 என்று வரும். அப்படி எண்ணுவதால் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் பல பேர் சேர்ந்து பொதி செய்யும் இடத்தில் எல்லோரும் ஒரே முறையில் எண்ண வேண்டும். இல்லையேல் ஒரே நாளில் செய்த பொதிகளில் இரண்டு திகதிகள் வந்துவிடும்.

புதிய பெட்டி முதலில் முடியலாம்

இந்தக் கணக்கு எங்கே மிகவும் உதவுகின்றது என்பதைப் பாருங்கள். ஒரு நலன்புரி நிலையத்தின் களஞ்சியத்தில் இரண்டு வகைப் பெட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று நாம் மேலே கணக்கிட்ட பெட்டி. மற்றது வேறு வகை உணவு. அதன் உற்பத்தித் திகதி 25.11.2023. காலம் 90 நாட்கள். இரண்டாவது பெட்டி இரண்டு மாதங்களுக்கு மேல் புதியது. ஆகவே பழையதை முதலில் கொடுத்து முடிப்போம் என்றே எவருக்கும் தோன்றும். கணக்கைச் செய்து பார்ப்போம்.

நவம்பரில் மிச்சம் 5. 90இல் 5 போக 85.
டிசம்பர் 31 போக 54.
ஜனவரி 31 போக 23.

அடுத்த மாதம் பெப்ரவரி. ஆகவே முடிவு நாள் 2024 பெப்ரவரி 23. கூட்டிப் பார்த்தால் 5, 31, 31, 23 சேர்ந்து 90. பிந்திச் செய்த பெட்டி, முந்திச் செய்த பெட்டியை விட மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றது.

பெப்ரவரி 10 ஆம் திகதி களஞ்சியத்தில் இரண்டாவது வகையில் 48 பக்கெற்றுக்கள் இருந்தன என்றும், நாளுக்கு 4 பக்கெற் செலவாகும் என்றும் வையுங்கள். 48 பக்கெற் 12 நாளுக்குப் போதும். மறுநாள் 11 ஆம் திகதி இதிலிருந்து தொடங்கினால் 22 ஆம் திகதியோடு முடிந்துவிடும். ஒன்றும் வீணாகாது. பழைய பெட்டியை முதலில் திறந்து ஒரு வாரம் அதையே கொடுத்திருந்தால், இரண்டாவது வகையில் 24 பக்கெற்றுக்கள் திகதி கடந்து நின்றிருக்கும்.

ஆகவே பெட்டி வந்த நாளிலேயே முடிவுத் திகதியைக் கணக்கிட்டு, பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அடுக்கும்போது உற்பத்தித் திகதியைப் பார்க்காமல் முடிவுத் திகதியைப் பார்த்து, முந்தி முடிவதை முன்னால் வையுங்கள்.

பொதி செய்த திகதி ஏமாற்றும்

பெரிய சாக்கில் வரும் மாவைக் கடைக்காரர் சிறிய பைகளில் நிறுத்துக் கட்டுவதுண்டு. நிவாரணப் பங்கீட்டிலும் இப்படி நடக்கும். அந்தப் பையில் ஒட்டும் திகதி, பையில் கட்டிய நாளேயன்றி மா செய்யப்பட்ட நாள் அல்ல. நாட்களை எண்ண வேண்டியது சாக்கில் இருந்த உற்பத்தித் திகதியிலிருந்து.

சாக்கில் 04.01.2025 என்றும் 90 நாட்கள் என்றும் இருந்தால், ஜனவரியில் மிச்சம் 27 போக 63, பெப்ரவரி 28 போக 35, மார்ச் 31 போக 4. முடிவு நாள் ஏப்ரல் 4. அந்த மாவை மார்ச் 1 ஆம் திகதி பையில் கட்டி, அந்த நாளிலிருந்து 90 நாள் எண்ணினால் மே 30 என்று வரும். எட்டு வாரம் கூடிவிடுகின்றது. சாக்கில் இருந்த மாவின் வயது பை மாறியதால் குறைவதில்லை. மாறாக, சாக்கைத் திறந்ததும் காற்றும் ஈரமும் பட்டு அது விரைவாகவே பழுதடையும். ஆகவே பங்கீடு செய்பவர்கள் சாக்கின் திகதிப் பகுதியை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சிறிய பையில் வாங்குபவர்கள் சாக்கின் திகதியைக் கேட்டு அறிய வேண்டும்.

நாமே திகதி இடும்போது

வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், ஒடியல்மா போன்றவற்றைப் பொதி செய்து விற்கும் குடும்பங்கள், வாங்குபவரைக் கணக்குப் பார்க்க வைக்காமல் முடிவுத் திகதியையே எழுதிவிட வேண்டும். 2024 டிசம்பர் 20 அன்று வறுத்துப் பொதி செய்த அரிசிமாவுக்கு 60 நாள் என்றால், டிசம்பரில் மிச்சம் 11 போக 49, ஜனவரி 31 போக 18. பொதியில் எழுத வேண்டியது 2025 பெப்ரவரி 18. மறுநாள் வறுத்த மாவுக்கு 19. இரண்டு நாட்களின் மாவைக் கலந்து பொதி செய்தால் முந்திய நாளின் திகதியையே இட வேண்டும்.

இந்த 60 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதே முக்கியமான கேள்வி. பக்கத்துக் கடையில் உள்ள கம்பனிப் பொதியைப் பார்த்து அதே நாட்களை எழுதுவது சரியல்ல. அவர்களின் பொதியுறையும் காயவைக்கும் முறையும் வேறு. ஒரே நாளில் செய்த பொதிகளில் பத்துப் பன்னிரண்டை, விற்கும் பொதிகள் இருக்கும் அதே வகை இடத்தில் வைத்து, வாரம் ஒன்றாகத் திறந்து பாருங்கள். மணம், நிறம், சுவை, கட்டிபடுதல், வண்டு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த வாரத்தில் முதன்முதல் குறை தெரிகின்றதோ அதற்கு நன்றாக முந்திய நாளையே எல்லையாக வைக்க வேண்டும். பத்தாம் வாரத்தில் காறல் மணம் வந்தால், எழுபது நாள் என்று எழுதாமல் ஐம்பது நாள் என்று எழுதுவது நேர்மையானது. மாரியில் செய்த பரிசோதனை கோடைக்குப் பொருந்தாது என்பதால் இரண்டு பருவங்களிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திகதி சொல்லாதவை

கணக்கிட்டுப் பெற்ற திகதி, திறக்காத பொதிக்கு மட்டுமே உரியது. குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைத்திருந்தால் என்ற நிபந்தனையும் அதற்கு உண்டு. தகரக் கூரையின் கீழ், சீமெந்துத் தரையில் நேரடியாக அடுக்கிய பெட்டிக்கு அந்த நாட்கள் முழுமையாகக் கிடைக்கா. பலகையோ தடியோ போட்டு அதன்மேல், சுவரில் முட்டாமல் அடுக்கினால் ஈரம் ஏறுவது குறையும். வெள்ளநீரில் நனைந்த பொதிக்குத் திகதியே இல்லை. அதை விலக்கிவிட வேண்டும். திறந்த பால்மாவுக்கும் பொதியின் திகதி பொருந்தாது. இறுக மூடிய பாத்திரத்தில் வைத்து, லேபலில் சொல்லிய நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அது மஞ்சளித்து, கட்டிபட்டு, பழைய எண்ணெய் மணம் வீசினால் திகதி மிச்சமிருந்தாலும் பாவிக்கக் கூடாது. வீங்கிய ரின் மீனும் அப்படியே. அதைச் சுவைத்துப் பார்ப்பதும் ஆபத்து.

மறுபுறம், 'பாவிப்பது சிறந்தது' என்ற திகதி தரத்தைக் குறிப்பது. அது கடந்த மறுநாளே உலர்ந்த பிஸ்கற் நஞ்சாகிவிடுவதில்லை. மொறுமொறுப்பும் மணமும் குறையத் தொடங்கும். ஆனால் காலாவதித் திகதி என்று அச்சிட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. குழந்தைப் பால்மாவில் எந்தச் சொல் இருந்தாலும் ஒரு நாள் கூடத் தாண்டக் கூடாது. காலம் செல்ல அதிலுள்ள விற்றமின்கள் குறைந்துவிடும். குழந்தைக்கு வேறு உணவும் இல்லை.

காலாவதியான உணவை விற்பது எமது நாட்டில் குற்றமாகும். கடையில் வாங்கிய பொதி அப்படி இருந்தால், பொதியை எறியாமல் பற்றுச்சீட்டுடன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டலாம். முடிவுத் திகதி அச்சிடப்படாமல் நாட்கள் மட்டும் உள்ள பொதியானால், மேலே காட்டியபடி மாதம் மாதமாகக் கழித்த கணக்கை ஒரு தாளில் எழுதி அத்துடன் கொண்டு செல்லுங்கள்.